முப்பது என்று வந்த யூரியா

அப்பாவுக்குச் சிறுநீரகக் கோளாறு என்று தெரிந்த நாளிலிருந்து மாதம் ஒரு முறை ரத்தப் பரிசோதனை. அப்பாவும் அம்மாவும் கும்பகோணத்தில் தம்பியோடு இருக்கிறார்கள், நான் சென்னையில் இருக்கிறேன். தம்பி ரிப்போர்ட்டைப் போட்டோ எடுத்து அனுப்புவான். நான் அதைப் பார்த்து ஒரு எக்செல் ஷீட்டில் ஏற்றுவேன். ஒரு மாதத்துக்கு ஒரு வரி. தேதி, ஹீமோகுளோபின், யூரியா, கிரியேட்டினின், பொட்டாசியம் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு பத்தி. டாக்டரைப் பார்க்கப் போகும்போது தம்பி அந்த ஷீட்டைப் பிரிண்ட் எடுத்துக்கொண்டு போவான். ஃபைலைப் புரட்டிக்கொண்டிருக்காமல், ஒரே தாளில் ஆறு மாத நிலவரத்தை டாக்டர் பார்த்துவிடுவார்.

ஒரு ஏப்ரல் மாதம் வழக்கமான லேப் மூடியிருந்தது. தம்பி வேறொரு லேபில் ரத்தம் கொடுக்க வைத்தான். அன்று இரவு வந்த போட்டோவைப் பார்த்து நான் வரியை நிரப்பினேன். பிப்ரவரியில் யூரியா 58, மார்ச்சில் 62, ஏப்ரலில் 30. எனக்குக் கை நடுங்கியது. உடனே வீட்டுக்குப் போன் செய்து, பாதியாகக் குறைந்துவிட்டது என்று சொன்னேன். அம்மா சாமி படத்துக்கு விளக்கேற்றினார். அடுத்த பத்து நாள் அப்பாவுக்குப் பருப்பும் முட்டையும் கொஞ்சம் தாராளமாகவே கிடைத்தன.

டாக்டர் பிரிண்டைப் பார்த்ததும் முதலில் கேட்டது, "ஒரிஜினல் ரிப்போர்ட் எங்கே தம்பி?" என்றுதான். வாங்கிப் பார்த்துவிட்டு, "இது யூரியா இல்லை, பி.யூ.என். இரண்டும் வேற வேற. யூரியா குறையவே இல்லை" என்றார்.

ரத்தத்தில் இருக்கும் யூரியாவை இரண்டு விதமாகச் சொல்லும் வழக்கம் இருக்கிறது. யூரியா மூலக்கூறு முழுவதையும் எடை போட்டுச் சொல்வது ஒன்று. அதிலுள்ள நைட்ரஜனை மட்டும் கணக்கிட்டுச் சொல்வது இன்னொன்று. அதைத்தான் பிளட் யூரியா நைட்ரஜன், சுருக்கமாக பி.யூ.என். என்கிறார்கள். யூரியாவின் மூலக்கூறு எடை 60. அதிலிருக்கும் இரண்டு நைட்ரஜன் அணுக்களின் எடை 28. 60-ஐ 28-ஆல் வகுத்தால் 2.14. ஆகவே பி.யூ.என். 30 என்றால் யூரியா 64. மார்ச்சில் 62, ஏப்ரலில் 64. அப்பாவின் உடம்பில் நல்ல மாற்றம் எதுவும் நடக்கவில்லை. மாறியது லேப் அச்சடித்த பெயர் மட்டும்தான்.

அந்தத் தாளிலேயே எனக்கு ஒரு எச்சரிக்கை இருந்திருக்கிறது. யூரியா பாதியானபோது கிரியேட்டினின் 2.6-லேயே அசையாமல் நின்றது. சாப்பாடு, தண்ணீர் குடிக்கும் அளவு ஆகியவற்றைப் பொறுத்து யூரியா கொஞ்சம் ஏறி இறங்கும் என்பது உண்மைதான். ஆனால் ஒரே மாதத்தில் அது சரிபாதியாகி, பக்கத்தில் கிரியேட்டினின் அப்படியே இருந்தால், உடம்பைவிட முதலில் ஷீட்டைத்தான் சந்தேகப்பட வேண்டும். நான் சந்தேகப்படவில்லை. அந்த முப்பதைப் பார்க்க மனது அவ்வளவு ஆசைப்பட்டிருந்தது.

அன்றைக்குப் பிறகு ஷீட்டை அடியிலிருந்து மாற்றி அமைத்தேன். மாதாமாதம் போட்டோவாக வரும் ரிப்போர்ட்டை ஏற்கெனவே இருக்கும் ஷீட்டின் அடியில் சேர்ப்பது தட்டச்சு வேலைதானே என்று அதுவரை நினைத்திருந்தேன். எந்த எண் எந்தப் பத்திக்குப் போக வேண்டும் என்று முடிவு செய்வதுதான் அதில் முக்கிய வேலை. அந்த முடிவை ஒவ்வொரு மாதமும் இரவு பத்து மணிக்குக் களைத்த கண்ணோடு எடுக்கக் கூடாது. ஒரு முறை நிதானமாக எடுத்து எழுதி வைத்துவிட வேண்டும்.

முதலில் போட்டோவைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அது சரியில்லை என்றால் பின்னால் செய்வது எதுவும் நிற்காது. தாளை மேஜைமேல் விரித்து, மடிப்பை நீவிவிட்டு, ஜன்னல் வெளிச்சத்தில் வைத்து, போனைத் தாளுக்கு நேர் மேலே பிடித்து எடுக்க வேண்டும். ஃபிளாஷ் போட்டால் வழவழப்பான தாளில் வெள்ளைத் திட்டு விழும், அது சரியாக ஒரு எண்ணின் மேல்தான் விழும். நான்கு மூலையும் படத்துக்குள் வர வேண்டும். பின் அடித்த தாள்களைப் பிரித்து, பக்கத்துக்கு ஒரு படமாக எடுக்க வேண்டும். வாட்ஸ்அப்பில் போட்டோவாக அனுப்பினால் அது படத்தைச் சுருக்கிவிடும். டாக்குமெண்ட்டாக அனுப்பினால் எடுத்தது எடுத்தபடி வரும். தம்பிக்கு நான் திரும்பத் திரும்பச் சொன்னது இதைத்தான். சுருங்கிய படத்தில் முதலில் தொலைவது தசமப் புள்ளி. பொட்டாசியம் 5.4 என்பது 54 என்று தெரிந்தால் யாரும் கண்டுபிடித்துவிடுவார்கள். ஹீமோகுளோபின் 9.8 என்பது 9.3 என்று தெரிந்தால் யாராலும் கண்டுபிடிக்க முடியாது.

படத்திலிருந்து எழுத்தையும் எண்ணையும் எடுக்க எக்செல்லிலேயே வசதி இருக்கிறது. போனில் உள்ள எக்செல் செயலியிலும், சந்தா கட்டிப் பயன்படுத்தும் கணினிப் பதிப்பிலும் `Data From Picture` என்று இருக்கும். படத்தைக் கொடுத்தால் அட்டவணையாக்கித் தரும். தனக்குச் சந்தேகமான கட்டங்களை வேறு நிறத்தில் காட்டி, சரிபார்க்கச் சொல்லும். அந்தச் சரிபார்ப்பைத் தாண்டிப் போகாதீர்கள். லேப் பி.டி.எஃப். அனுப்பினால் இந்தப் பாடே வேண்டாம், அதிலிருந்து நேராக எடுத்துக்கொள்ளலாம். ஆனால் சிறிய ஊர் லேப்களில் இன்னும் கையில் தாள்தான் தருகிறார்கள். ஒன்று மட்டும் கவனம்: படத்தை எழுத்தாக்கித் தருகிறோம் என்று சொல்லும் முன்பின் தெரியாத இணையதளங்களில் ரிப்போர்ட்டை ஏற்றாதீர்கள். அதில் பெயர், வயது, போன் நம்பர், நோய் எல்லாமே இருக்கிறது.

இனி ஷீட்டுக்கு வருகிறேன். என் பழைய முறையில் ஒரே ஒரு ஷீட். போட்டோவைப் பார்த்து நேராகக் கடைசி வரியில் அடிப்பேன், அல்லது எக்செல் எடுத்துக் கொடுத்ததை அப்படியே மேலிருந்து கீழாக ஒட்டுவேன். இதில் உள்ள ஆபத்து, ரிப்போர்ட்டில் மூன்றாவதாக இருப்பது எப்போதும் மூன்றாவது பத்திக்கு உரியது என்று நம்புவது. ஒரு லேப் யூரியாவை முதலில் போடும், இன்னொன்று கிரியேட்டினினை. அதே லேபே இந்த மாதம் யூரிக் ஆசிட்டையும் சேர்த்துப் பார்த்தால், அது நடுவில் புகுந்து கீழே உள்ளதையெல்லாம் ஒரு கட்டம் தள்ளிவிடும். ரிப்போர்ட்டின் வரிசையை லேப் தீர்மானிக்கிறது. நம் ஷீட்டின் வரிசையை நாம் தீர்மானிக்கிறோம். இரண்டும் பொருந்த வேண்டிய அவசியமில்லை என்று ஏற்றுக்கொண்டு, நடுவில் ஒரு மொழிபெயர்ப்பாளரை உட்கார வைக்க வேண்டும்.

அதற்காக இப்போது ஒரே ஃபைலில் நான்கு ஷீட் வைத்திருக்கிறேன். `Raw` என்பதில் போட்டோவில் இருப்பது அப்படியே வரும். முதல் பத்தியில் லேப் அச்சடித்த பெயர், இரண்டாவதில் அளவு, மூன்றாவதில் அலகு. இங்கே எதையும் திருத்துவதில்லை. ரிப்போர்ட்டில் பி.யூ.என். என்று இருந்தால் இங்கேயும் அப்படியேதான். `Map` என்பது பெயர் அகராதி. `Line` என்பது அந்த மாதத்துக்கு உரிய ஒரே வரி தயாராகும் இடம். `Main` என்பது வருடக்கணக்காக வளரும் பழைய ஷீட்.

எல்லாவற்றுக்கும் உயிர் அந்த அகராதிதான். முதலில் லேப் அச்சடிக்கும் பெயர்களை மட்டும் இடப்பக்கம் எழுதி, வலப்பக்கம் என் பத்தியின் பெயரை எழுதினேன். அது போதவில்லை. பிளேட்லெட் எண்ணிக்கையை ஒரு லேப் 2.5 லட்சம் என்று அடிக்கும், இன்னொரு லேப் ஆயிரத்தின் மடங்காக 250 என்று அடிக்கும். இரண்டும் ஒரே அளவு. பெயரும் ஒன்றுதான். அலகு மட்டும் வேறு. ஆகவே பெயரையும் அலகையும் சேர்த்துத்தான் ஒரு சாவியாக வைக்க வேண்டும். நடுவில் ஒரு கோடு போட்டு இரண்டையும் ஒட்டினேன். மூன்றாவது பத்தியில், என் அலகுக்கு மாற்ற எதனால் பெருக்க வேண்டும் என்ற எண்.

```
Map!A                      Map!B        Map!C
Blood Urea|mg/dL           Urea         1
BUN|mg/dL                  Urea         2.14
S. Creatinine|mg/dL        Creatinine   1
Creatinine, Serum|mg/dL    Creatinine   1
Platelet Count|lakh/cumm   Platelet     1
Platelet Count|10^3/uL     Platelet     0.01
```

இரண்டாவது வரியைப் பாருங்கள். அந்த 2.14 அன்றைக்கு என் கண்ணில் பட்டிருந்தால் அம்மா விளக்கேற்றியிருக்க மாட்டார். இப்போது அது என் நினைவை நம்பி இல்லை, ஷீட்டில் எழுதி வைத்திருக்கிறது.

`Raw` ஷீட்டில் நான்காவது பத்தி என் பெயரைத் தேடித் தருகிறது, ஐந்தாவது என் அலகில் அளவைத் தருகிறது.

```
D2: =XLOOKUP(TRIM(A2)&"|"&TRIM(C2), Map!A:A, Map!B:B, "NEW")
E2: =B2*XLOOKUP(TRIM(A2)&"|"&TRIM(C2), Map!A:A, Map!C:C)
```

அகராதியில் இல்லாத பெயரோ அலகோ வந்தால் நான்காவது பத்தியில் `NEW` என்று நிற்கும். அங்கேதான் நான் நின்று யோசிக்க வேண்டும். புதிய லேப் முதல் முறை வந்தபோது ஐந்தாறு இடத்தில் `NEW` என்று நின்றது. ஒவ்வொன்றையும் ரிப்போர்ட்டோடு வைத்துப் பார்த்து, புரியாததை டாக்டரின் உதவியாளரிடம் கேட்டு, அகராதியில் சேர்த்தேன். அடுத்த மாதம் அதே லேப் வந்தபோது ஒரு `NEW` கூட இல்லை. ஊகித்துச் சேர்க்கக் கூடாது என்பதை மட்டும் பிடிவாதமாக வைத்திருக்கிறேன். பெயர் பாதி ஒத்துப்போகிறது என்பதற்காகப் பொருளும் ஒத்துப்போகும் என்று சொல்ல முடியாது. யூரியாவும் யூரியா நைட்ரஜனும் அப்படித்தானே.

அளவோடு ஒட்டிக்கொண்டு வரும் எழுத்தும் இங்கே பிடிபடும். அளவு அதிகம் என்று காட்ட லேப்காரர்கள் எண்ணுக்குப் பக்கத்தில் ஆங்கில எழுத்து எச் போடுவார்கள். படத்திலிருந்து எடுக்கும்போது அது எண்ணோடு சேர்ந்து `5.9 H` என்று ஒரே கட்டத்தில் உட்கார்ந்துவிடும். எக்செல்லுக்கு அது எண் இல்லை, வெறும் எழுத்து. பெருக்கப் போனால் `#VALUE!` என்று பிழை காட்டும். இந்தப் பிழை நமக்கு நன்மை. எழுத்தை அழித்துவிட்டால் எண் ஆகிவிடும். பெருக்கல் இல்லாமல் நேராக ஒட்டியிருந்தால், அந்தக் கட்டம் பார்க்க எண் போலவே இருந்துகொண்டு சராசரியில் சேராமலும் வரைபடத்தில் பூஜ்யமாக விழுந்தும் போயிருக்கும்.

அடுத்தது `Line`. இதன் முதல் வரியில் தலைப்புகள், இரண்டாவது வரியில் இந்த மாதத்து அளவுகள். தலைப்புகளை நான் கையால் அடிப்பதில்லை. `Main` ஷீட்டில் எந்த வரிசையில் இருக்கிறதோ அதே வரிசையில் இங்கே வரும்படி சூத்திரம் போட்டிருக்கிறேன்.

```
E1: =INDEX(Main!$1:$1, COLUMN())
E2: =XLOOKUP(E$1, Raw!$D:$D, Raw!$E:$E, "")
```

இரண்டையும் வலப்பக்கம் இழுத்துவிட்டால் போதும். ஐந்தாவது பத்தியில் இருக்கும் சூத்திரம் `Main` ஷீட்டின் ஐந்தாவது தலைப்பைப் பார்த்து, அந்தப் பெயருக்கு உரிய அளவை `Raw` ஷீட்டில் எங்கிருந்தாலும் தேடி எடுத்துக்கொண்டு வரும். லேப் எந்த வரிசையில் அச்சடித்திருந்தாலும் கவலையில்லை. முதலில் நான் இந்தத் தலைப்புகளை `=Main!E1` என்று நேராக இணைத்திருந்தேன். `Main` ஷீட்டின் நடுவில் ஒரு பத்தி நுழைத்தபோது அந்த இணைப்புகள் ஒரு கட்டம் தள்ளிப் போய், இரண்டு ஷீட்டின் வரிசையும் பிசகிவிட்டது. மேலே உள்ள சூத்திரத்தில் அந்தப் பிசகு வராது.

என் `Main` ஷீட்டில் முதல் நான்கு பத்திகள் தேதி, லேப், போட்டோவின் பெயர், குறிப்பு. பரிசோதனைகள் ஐந்தாவதிலிருந்துதான் தொடங்கும். இப்படி வைத்ததற்குக் காரணம் உண்டு. டாக்டர் திடீரென்று ஒரு புதிய பரிசோதனை எழுதிக் கொடுத்தால், அதற்கான பத்தியை வலக்கோடியில் சேர்த்துவிடலாம். பழைய பத்திகள் இருந்த இடத்திலேயே இருக்கும். டாக்டரின் கண் பொட்டாசியத்தை எட்டாவது பத்தியில் தேடிப் பழகியிருக்கிறது, அதைக் கலைக்க எனக்கு மனம் வரவில்லை. ஒரு பரிசோதனையை நிறுத்திவிட்டார்கள் என்றாலும் அந்தப் பத்தியை அழிப்பதில்லை, மறைத்து மட்டும் வைக்கிறேன்.

தேதியை மட்டும் கையால் அடிக்கிறேன். ரிப்போர்ட்டில் இரண்டு மூன்று தேதி இருக்கும். ரத்தம் எடுத்த நாள் ஒன்று, ரிப்போர்ட் கொடுத்த நாள் ஒன்று. உடம்பின் நிலையைச் சொல்வது ரத்தம் எடுத்த நாள்தான். அதை 2025-04-07 என்று வருடம் முதலில் வரும்படி அடிக்க வேண்டும். 07/04 என்று அடித்தால், கணினி அமெரிக்க முறையில் அமைந்திருந்தால் அதை ஜூலை 4 என்று எடுத்துக்கொள்ளும். ஏப்ரல் வரி ஜூலைக்குப் போய்விடும். நாள் 12-ஐத் தாண்டினால் கணினியால் அப்படி மாற்றிப் படிக்க முடியாது என்பதால், சில மாதங்கள் சரியாகவும் சில மாதங்கள் தப்பாகவும் இருக்கும். கண்டுபிடிக்க மிகக் கஷ்டமான தப்பு அது. இதே குணத்தால்தான் ரிப்போர்ட்டில் 4-11 என்று இருக்கும் இயல்பு வரம்பையும் எக்செல் ஒரு தேதியாக மாற்றிவிடும். நான் வரம்புகளை ஷீட்டுக்குக் கொண்டுவருவதே இல்லை. வேண்டுமென்றால் போட்டோவில் பார்த்துக்கொள்ளலாம்.

வரி தயாரானதும் அதை நகலெடுத்து, `Main` ஷீட்டில் கடைசி வரிக்குக் கீழே `Paste Values` என்று கொடுத்து ஒட்டுகிறேன். அப்படி ஒட்டினால் சூத்திரம் போகாது, எண் மட்டும் போகும். சாதாரணமாக ஒட்டிவிட்டால் அடுத்த மாதம் `Raw` ஷீட்டை மாற்றும்போது இந்த மாத வரியும் சேர்ந்து மாறிவிடும். இரண்டு மாத வரியும் ஒன்று போலவே இருக்கும்.

ஒட்டிய பிறகு ஒரு சிறு வேலை பாக்கி இருக்கிறது, இதைத் தவறவிட்டவர்கள் அதிகம். இந்த மாதம் செய்யாத பரிசோதனையின் கட்டம் காலியாகத் தெரியும். ஆனால் அது உண்மையில் காலி இல்லை. சூத்திரம் தந்த வெற்று எழுத்து அங்கே உட்கார்ந்திருக்கிறது. வரைபடம் போட்டால் எக்செல் அதைப் பூஜ்யம் என்று எடுத்துக்கொண்டு கோட்டைத் தரைவரை இறக்கிவிடும். ஹீமோகுளோபின் பார்க்காத மாதத்தில் கோடு 0-க்கு விழுந்து மறுபடி எழும்புவதைப் பார்த்து அம்மா பதறிப்போனார். அந்தக் கட்டங்களைத் தேர்ந்தெடுத்து `Delete` அழுத்திவிட்டால் உண்மையாகவே காலியாகிவிடும். பார்க்கவில்லை என்பதும் பூஜ்யம் என்பதும் ஒன்றாகிவிடக் கூடாது.

இவ்வளவு செய்தும் ஒரு தப்பு நுழைய இடமிருக்கிறது. சிறுநீரில் புரதம் பார்க்கும்போது சிறுநீரின் கிரியேட்டினினையும் அளப்பார்கள். சில ரிப்போர்ட்டுகளில் மேலே சிறுநீர் என்று தலைப்புப் போட்டுவிட்டு, கீழே வெறும் கிரியேட்டினின் என்று மட்டும் இருக்கும். அலகும் ரத்தத்துக்கு உள்ளதே. படத்திலிருந்து எடுக்கும்போது தலைப்பு கழன்றுவிட்டால், பெயரும் அலகும் அச்சாக ஒன்றாகிவிடும். சூத்திரம் மேலிருந்து முதலில் கிடைப்பதை எடுத்துக்கொள்ளும். சிறுநீர்ப் பக்கம் முதல் பக்கமாக இருந்தால், 2.6 வர வேண்டிய இடத்தில் 78 வந்து நிற்கும். அகராதியால் இதைப் பிடிக்க முடியாது. ஆகவே `Raw` ஷீட்டில் ஒட்டும்போதே சிறுநீர்ப் பக்கத்தின் பெயர்களுக்கு முன்னால் சிறுநீர் என்று கையால் சேர்த்துவிடுகிறேன். `Raw` ஷீட்டில் எதையும் தொடுவதில்லை என்ற என் விதிக்கு இது ஒன்றுதான் விலக்கு.

அதையும் மறந்துபோனால் கடைசிக் காவலாக ஒன்று வைத்திருக்கிறேன். கட்டத்தில் அடிக்கும்போதே தப்பைத் தடுக்க எக்செல்லில் `Data Validation` உண்டு. ஆனால் அது அடிப்பதைத்தான் தடுக்கும், ஒட்டுவதைத் தடுக்காது. நாம் செய்வது ஒட்டும் வேலை. அதனால் அதை நம்பாமல் `Conditional Formatting` போட்டிருக்கிறேன். போன வரியைவிட முப்பது சதவீதத்துக்கு மேல் ஏறினாலோ இறங்கினாலோ கட்டம் மஞ்சளாகிவிடும். `Main` ஷீட்டின் மூன்றாவது வரியிலிருந்து பரிசோதனைப் பத்திகள் முழுவதையும் தேர்ந்தெடுத்து இதைக் கொடுக்க வேண்டும்.

```
=AND(ISNUMBER(E3), ISNUMBER(E2), ABS(E3/E2-1)>0.3)
```

போன மாதம் அந்தப் பரிசோதனை இல்லை என்றால் இது பேசாமல் இருந்துவிடும், அது இதன் குறை. முப்பது என்பது மருத்துவக் கணக்கு இல்லை, அப்பாவின் பழைய வரிகளைப் பார்த்து நானாக வைத்தது. சோடியம் போல அதிகம் அசையாத அளவுகளுக்கு முப்பது ரொம்பவே தளர்ச்சி, அதற்குப் பத்து வைத்திருக்கிறேன். மஞ்சள் வந்தால் உடம்பில் கோளாறு என்று அர்த்தமில்லை. போட்டோவைத் திரும்பத் திற என்றுதான் அர்த்தம். 62-லிருந்து 30 என்பது 52 சதவீத இறக்கம். இந்த ஒரு மஞ்சள் அன்று இருந்திருந்தால் நான் போனை எடுப்பதற்கு முன்னால் போட்டோவை எடுத்திருப்பேன்.

மஞ்சள் இல்லாவிட்டாலும், ஒட்டிய பிறகு தம்பிக்குப் போன் போட்டு வரியை வாசிக்கச் சொல்வேன். அவன் கையில் தாள் இருக்கும், என் முன்னால் ஷீட் இருக்கும். "அக்கா, பொட்டாசியம் அஞ்சு புள்ளி ஒண்ணு, சோடியம் நூத்தி முப்பத்தெட்டு" என்று அவன் வாசிக்க வாசிக்க நான் பார்த்துக்கொண்டே வருவேன். மூன்று நிமிஷ வேலை. 9.8-ஐ 9.3 என்று படித்த தப்பைப் பிடிக்க இதைத் தவிர வேறு வழியே கிடையாது. எந்தச் சூத்திரத்துக்கும் அது தப்பு என்று தெரியாது.

பத்திகள் ஒழுங்காக இருந்தாலும் அவற்றால் சொல்ல முடியாதது ஒன்று உண்டு. லேபுக்கு லேப் கருவியும் முறையும் வேறுபடுவதால், அதே ரத்தத்துக்கே கிரியேட்டினின் சிறிது முன்பின்னாக வரலாம். சிறுநீரகம் எவ்வளவு வடிகட்டுகிறது என்று சொல்லும் ஜி.எஃப்.ஆர். மதிப்பீட்டில் இது இன்னும் கூடுதல். அது நேராக அளந்த அளவு இல்லை, கிரியேட்டினின், வயது, பால் ஆகியவற்றை வைத்துச் சூத்திரத்தால் கணக்கிட்டது. 68 வயது ஆணுக்குக் கிரியேட்டினின் 2.6 என்றால், 2009-இல் வந்த சூத்திரப்படி 24 வரும், 2021-இல் திருத்திய சூத்திரப்படி 26 வரும். லேப் சூத்திரத்தை மாற்றினால் உடம்பு மாறாமலே இரண்டு புள்ளி ஏறிவிடும். அதனால்தான் ஷீட்டில் லேப் பெயருக்கு ஒரு பத்தி வைத்திருக்கிறேன். முடிந்தவரை ஒரே லேபிலேயே கொடுப்பது இன்னும் நல்லது.

ஷீட் எவ்வளவு சுத்தமாக இருந்தாலும் டாக்டரிடம் போகும்போது ஒரிஜினலும் கூடவே போக வேண்டும். எங்கள் வீட்டில் நடந்த தப்பைப் பிடித்தது அந்தத் தாள்தான். போட்டோக்களை ரத்தம் எடுத்த தேதியையே பெயராக வைத்து ஒரு ஃபோல்டரில் சேர்க்கிறேன். அந்தப் பெயர் வரியின் மூன்றாவது கட்டத்தில் இருக்கும். எந்த எண்ணின் மேல் சந்தேகம் வந்தாலும் அரை நிமிஷத்தில் அதன் தாளைத் திறந்துவிடலாம். ஒரே ரிப்போர்ட்டை இரண்டு முறை ஏற்றிவிட்டோமா என்பதும் அந்தக் கட்டத்திலேயே தெரிந்துவிடும்.

அந்த ஏப்ரல் வரியை நான் அழிக்கவில்லை. யூரியா பத்தியில் 64 என்று திருத்தி, குறிப்புக் கட்டத்தில் "ரிப்போர்ட்டில் பி.யூ.என். 30, 2.14-ஆல் பெருக்கியது" என்று எழுதி வைத்திருக்கிறேன்.